சாரணர் தலைவருக்கு ஒரு நன்றி மடல்

ஆண்டுக்கணக்கில் வார இறுதி முகாம்களை நடத்திய இளம் சாரணர் தலைவருக்கு நன்றி எழுத உட்கார்ந்தால், ‘தன்னலமற்ற சேவை’ என்றுதான் பேனா ஓடும். அதை அடித்துவிட்டு, அவர் பழக்கிய ஒரு வேலையை எழுதலாம்:

‘தம்பி, முகாமில் சமையல் முடிந்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றச் சொல்வீர்கள். மேலே கறுத்திருந்தாலும் அடியில் கங்கு இருக்கும் என்பீர்கள். புறங்கையை மேலே காட்டிச் சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. பக்கத்திலேயே நின்றாலும் வாளியை நீங்கள் தொட்டதில்லை. அணித் தலைவனைத்தான் செய்யவிட்டீர்கள்.’

கடைசி வரிதான் முக்கியம். 1907இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலேயே பையன்கள் சிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். அணிக்குத் தலைவனும் ஒரு பையன்தான். வேலை தெரிந்த இளைஞருக்கு அப்படிக் கைகட்டி நிற்பது லேசல்ல.