சம்பளம் தள்ளிப்போகும்போது எழுதும் அறிவிப்பு

சம்பளத் தேதி தள்ளிப்போவதை ஊழியர்களுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு பெரும்பாலும் ஐந்தாறு வரிக்கு மேல் போவதில்லை. அந்த வரிகளில் சொல்ல வேண்டியது விடுபட்டு, சொல்லத் தேவையில்லாதது இடம்பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பம்பு உற்பத்தி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே வழக்கமாக 1ஆம் தேதி சம்பளம் ஏறிவிடும். இம்முறை அது முடியாது என்று 29ஆம் தேதி தெரிந்ததும், முதலில் எழுதப்பட்ட அறிவிப்பு இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்:

"தவிர்க்க முடியாத சில காரணங்களால் இம்மாதச் சம்பளம் வழங்குவதில் சிறிது காலதாமதம் ஏற்படும். விரைவில் வரவு வைக்கப்படும். நாம் அனைவரும் ஒரே குடும்பம் என்பதை மனதில் கொண்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. – நிர்வாகம்"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்குப் பயன்படும் செய்தியும் இல்லை. சம்பளக்காரர் முதலில் தேடுவது தேதியைத்தான். வாடகையும் கடன் தவணையும் தேதி பார்த்தே வருகின்றன. 2021 ஆகஸ்டிலிருந்து வங்கிகளின் தானியங்கிப் பற்று ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிறது. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் தன் வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனமும் போடும். "விரைவில்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் வீட்டுக் கணக்குப் போட முடியாது. காரணம் சொல்லாமல் விட்ட இடத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு நிரப்பிவிடும். அங்கே கம்பெனி மூடப்போகிறது என்பது வரை கதை வளரும்.

திருத்தி எழுதுவதற்கு முன் கணக்குப் பிரிவிடம் கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் 3ஆம் தேதி பணம் தருவதாகச் சொல்கிறார் என்றால், ஊழியர்களுக்கும் 3ஆம் தேதி என்றே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. முதல் தாமதத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் இரண்டாவதை மன்னிப்பதில்லை. ஆகவே ஓரிரு நாள் இடைவெளி விட்டு 6ஆம் தேதி என்று வைத்துக்கொண்டு, அன்றும் பணம் வராவிட்டால் எங்கிருந்து எடுப்பது என்பதையும் முடிவு செய்த பிறகே எழுத உட்கார வேண்டும். ஆறுதல் தருவது அந்த ஏற்பாடுதான். திருத்திய அறிவிப்பு:

"இந்த மாதச் சம்பளம் 1ஆம் தேதிக்குப் பதிலாக 6ஆம் தேதி அனைவரின் கணக்கிலும் முழுத் தொகையாக வரும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் 28ஆம் தேதி தரவேண்டிய பணத்தை 3ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாமதத்துக்குக் காரணம் இதுதான். அவர் தராவிட்டாலும் வங்கி ஓ.டி. கணக்கிலிருந்து எடுத்து 6ஆம் தேதி சம்பளம் போடப்படும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகள் வழக்கம்போல் 15ஆம் தேதிக்குள் கட்டப்படும். 6ஆம் தேதிக்கு முன் கடன் தவணை உள்ளவர்கள் நாளை மாலைக்குள் கணக்குப் பிரிவில் சொன்னால், தவணைக்கான தொகை முன்பணமாகத் தரப்படும். விவரம் வெளியே போகாது. இந்தச் சிரமத்துக்கு வருந்துகிறேன். கேள்வி இருந்தால் என்னிடம் நேரில் கேட்கலாம். – நிர்வாக இயக்குநர்"

தேதி முதல் வரிக்கு வந்துவிட்டது. "முழுத் தொகையாக" என்ற ஒரு சொல், பாதிச் சம்பளம்தான் வருமோ என்ற கேள்வி எழாமல் தடுக்கிறது. வாடிக்கையாளரின் பெயர் இல்லை. அது ஊழியருக்குத் தேவையும் இல்லை, வியாபார உறவுக்கு நல்லதும் இல்லை. ஒத்துழைப்பு கேட்கும் வரியும் குடும்பப் பேச்சும் போய்விட்டன. சம்பளம் உழைப்புக்கான கடன். அதைத் தாமதமாகத் தருபவர் பாசத்தை நினைவூட்டுவது கேட்பவருக்கு எரிச்சலையே தரும். "நிர்வாகம்" என்ற முகமில்லாத கையெழுத்துக்குப் பதில் பொறுப்பாளரே வருத்தம் தெரிவிக்கிறார்.

ஓ.டி. வசதி உண்மையில் இல்லையென்றால் அந்த வரியை எழுதவே கூடாது. அப்போது, "3ஆம் தேதி மாலை நிலவரத்தை மீண்டும் தெரிவிப்போம்" என்று எழுதி, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ அன்று மாலை தெரிவித்தாக வேண்டும். முன்பணமும் அப்படித்தான், கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் அறிவித்தால், கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப நேரும்.

சொல்நயத்துக்கு ஓர் எல்லை உண்டு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். 6ஆம் தேதி என்ற வாக்கு அந்தக் கெடுவுக்குள் அடங்குகிறது. 10ஆம் தேதி என்று எழுத நேர்ந்தால், எவ்வளவு பண்பான அறிவிப்பானாலும் அது சட்ட மீறலைத் தெரிவிக்கும் கடிதமே.