கல்யாண கேசட்டும் அகலத் திரையும்

1990-களில் எடுத்த கல்யாண வீடியோவை கேசட்டிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றி இன்றைய டிவியில் போட்டால், பல வீடுகளில் மணப்பெண்ணின் முகம் உப்பித் தெரிகிறது. அந்தப் படம் 4-க்கு 3 என்ற அளவில் எடுத்தது, டிவியோ 16-க்கு 9. உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். மண்டபச் சுவரில் மாட்டிய வட்டக் கடிகாரம் திரையில் 15 செ.மீ. உயரம் இருந்தால், அகலம் 20 செ.மீ. ஆகியிருக்கும்.

இழுக்காமல் திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் படத்தில் கால்வாசி போய்விடும். மணமக்களைத் தலைமுதல் கால்வரை நிற்கவைத்து எடுத்த காட்சியில் தலையோ பாதமோ இருக்காது.

இதற்காகத்தான் எடிட்டிங்கில் ஒரே படத்தை இரண்டு லேயராக வைக்கிறார்கள். திரையின் அளவு 1920-க்கு 1080 பிக்சல் என்று கொள்வோம். மேல் லேயரில் உள்ள படத்தை 1440-க்கு 1080 என்று வைத்தால் அதன் வடிவம் மாறாது, இரண்டு பக்கமும் 240 பிக்சல் காலியாக இருக்கும். கீழ் லேயரில் அதே படத்தை 1920 அகலத்துக்குப் பெரிதாக்க வேண்டும். உயரம் 1440 ஆகி, மேலும் கீழும் 180 பிக்சல் திரைக்கு வெளியே போகும். இந்தக் கீழ்ப்படத்தை நன்றாக மங்கலாக்கிவிட்டால், காலி இடத்தில் பட்டுப்புடவையின் சிவப்பும் மணமேடையின் மஞ்சளும் நிறமாக மட்டும் பரவி நிற்கும்.

மங்கல் போதுமா என்று பார்க்க, படத்தை நிறுத்திவிட்டு ஓரத்தை மட்டும் பாருங்கள். அங்கே நிற்பவர் யார் என்று அடையாளம் தெரிந்தால் இன்னும் மங்கலாக்க வேண்டும். மங்கலாக்குவதோடு வெளிச்சத்தையும் நிறத்தையும் குறைப்பது அவசியம். அந்தக் கால வீடியோ லைட்டில் வெள்ளை வேட்டி பளீரென்று எரியும், அது ஓரத்திலும் பளிச்சிட்டால் கண் நடுவில் நிற்காது. ஒரு காட்சி இதயமாகச் சுருங்கி அடுத்தது சுழன்று வரும் கிராபிக்ஸ் வேலைகள் அந்த வீடியோக்களில் ஏராளம். அந்த இடங்களில் ஓரமும் சேர்ந்து துள்ளும். அங்கே மட்டும் கீழ் லேயரை எடுத்துவிட்டு, அடர்ந்த ஒரே நிறத்தை வைப்பதுதான் என் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் பெரும்பாலான வேலை கெடுவது இதற்கு முந்தைய கட்டத்தில்தான். நம் ஊர் கேசட்டைக் கணினியில் ஏற்றினால் படம் பொதுவாக 720-க்கு 576 பிக்சலாக வரும். கணக்குப் போட்டால் இது 5-க்கு 4, அதாவது 4-க்கு 3 இல்லை. இந்தப் பிக்சல்கள் சதுரமானவை அல்ல, சற்று அகலமானவை. மென்பொருள் இவற்றைச் சதுரமாக எடுத்துக்கொண்டால், 1440 இருக்க வேண்டிய படம் 1350-க்குள் ஒடுங்கி ஆட்கள் மெலிந்துவிடுவார்கள். இது பார்த்த உடனே பிடிபடாத பிழை. கேமரா நேராகப் பார்த்த கடிகாரத்தைத் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்: 15 செ.மீ. உயரத்துக்கு அகலம் 14 செ.மீ. சொச்சம்தான் இருக்கும்.

இன்னொன்று, கேசட் படம் நொடிக்கு 50 அரைப் படங்களாகப் பதிவானது. ஒரு பாதியில் ஒற்றைப்படைக் கோடுகள், மறு பாதியில் இரட்டைப்படைக் கோடுகள். கை வீசும்போது விளிம்பில் சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான். டீஇன்டர்லேஸ் செய்து இதைச் சரிசெய்த பிறகே அளவை மாற்ற வேண்டும். முதலிலேயே பெரிதாக்கிவிட்டால் அந்தப் பற்கள் தடித்த பட்டைகளாகப் படத்தோடு கலந்துவிடும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

படத்தின் அடிவிளிம்பில் நெளிந்து துடிக்கும் சில வரிகளையும், இரு ஓரங்களில் இருக்கும் மெல்லிய கறுப்புக் கோடுகளையும் வெட்டிவிடலாம். வெட்டியதால் மேல் லேயர் சற்றுக் குறுகினால் குறுகட்டும், அதை ஈடுகட்ட மறுபடி இழுக்காதீர்கள். கீழ் லேயர் அந்த இடத்தையும் நிரப்பிக்கொள்ளும்.

கடைக்காரரிடம் கொடுக்கும்போது இரண்டு கோப்புகள் கேளுங்கள். ஓரம் நிரப்பியது டிவியில் பார்க்க. கேசட்டிலிருந்து ஏற்றியபடியே, வெட்டாமல், மங்கல் சேர்க்காமல், 4-க்கு 3 அளவில் உள்ளது பத்திரப்படுத்த. நிரப்பிய கோப்பிலிருந்து நடுப்படத்தை வெட்டி எடுக்க முடியும் என்றாலும், வெட்டிய விளிம்பு திரும்பி வராது, இரண்டாவது முறை சுருக்கிச் சேமித்ததில் போன தெளிவும் வராது.