தரையில் இருந்த நாற்காலி

செட்டிநாட்டு வீட்டின் வளவைப் படம் எடுத்திருக்கிறோம். தரை முழுக்க ஆத்தங்குடி கல், நடுவில் யாரோ போட்டுவிட்டுப் போன நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. அதைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்த வேலையை மென்பொருளின் தானியங்கி நிரப்பியிடம் விட்டால், பெரும்பாலும் பூவின் இதழ் பாதியில் நிற்கும், கல்லின் ஓரக்கோடு வளையும். சுற்றியிருக்கும் துண்டுகளில் எது பொருந்தும் என்று தேடி அது ஒட்டுகிறதே தவிர, கல்லை எண்ணிப் பார்ப்பதில்லை. புல்தரையில் இந்த ஒட்டு தெரியாது. கட்டம் கட்டமான தரையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே முதலில் நாம் எண்ண வேண்டும். ஆத்தங்குடி கல்லில் பல வடிவங்கள் ஒரே கல்லில் முடிவதில்லை. நான்கு கல்லைச் சேர்த்து வைத்தால்தான் ஒரு முழுப் பூ வரும். அப்படிப்பட்ட தரையில் ஒரு கல் தள்ளி நகலெடுத்தால் பூ திரும்பிக்கொள்ளும். இரண்டு கல், நான்கு கல் என்று இரட்டைப்படையாகத்தான் தள்ள வேண்டும். செங்கல் சுவருக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு வரியும் அரைக்கல் தள்ளிக் கட்டப்பட்ட சுவரில், நேர் மேலே ஒரு வரி தள்ளி எடுத்தால் செங்குத்து ஜாயின்டுகள் இடம் மாறிவிடும். இரண்டு வரி தள்ளி எடுத்தால் சரியாக உட்காரும்.

அடுத்த சிக்கல் தூரம். கேமராவுக்கு அருகில் இருக்கும் கல் பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் விழுவதால், சாதாரண Clone Stamp கொண்டு ஓர் இடத்துக் கல்லை இன்னோர் இடத்தில் வைத்தால் அளவு ஒத்துவராது. ஃபோட்டோஷாப்பில் இதற்கென்றே Vanishing Point என்ற வசதி 2005 முதல் இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் Perspective Clone என்ற கருவி இதைச் செய்கிறது.

முதலில் ஒரு வெற்று லேயரைத் திறந்துகொள்ளுங்கள். ஒட்டுவதெல்லாம் அதில் விழட்டும், மூலப்படம் கெடாது. பிறகு Filter மெனுவில் Vanishing Point-ஐத் திறந்து, தரையில் நன்றாகத் தெரியும் நான்கு ஜாயின்ட் மூலைகளைச் சொடுக்கினால் ஒரு வலை விரியும். வலை நீலமாக இருந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ காட்டினால் மூலைகள் தவறு. நீலமாக இருந்தும் வலையின் கோடுகள் கல்லின் கோடுகளோடு ஓடாமல் ஓரங்களில் விலகினால், அகலக்கோண லென்ஸ் தரையை வளைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை Lens Correction கொண்டு நிமிர்த்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இனி Stamp கருவி. Alt பொத்தானை அழுத்தியபடி, நான்கு கல் சந்திக்கும் ஒரு புள்ளியைச் சொடுக்குங்கள். வண்ணம் தீட்டத் தொடங்குவதும் அதேபோன்ற சந்திப்பில்தான் இருக்க வேண்டும். நாற்காலியின் கால் இரண்டு சந்திப்புகளை மறைத்திருந்தாலும், பக்கத்துக் கோடுகளை நீட்டிப் பார்த்தால் அவை எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். மாதிரிக் கல்லை எப்போதும் கேமராவின் பக்கமிருந்தே எடுங்கள். பெரிய கல்லைச் சிறிதாக்கினால் கூர்மை போகாது. எட்ட இருக்கும் சிறிய கல்லை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கிவிடும்.

Heal என்ற தேர்வை முதலில் Off-இல் வையுங்கள். தொடக்கத்திலேயே On செய்தால் நாற்காலியின் நீலம் கல்லில் கசிந்து கறையாகும். நாற்காலி முழுதும் மறைந்த பிறகு, முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் Luminance-க்கு மாற்றி மேலே ஒரு முறை லேசாகத் தடவலாம்.

மெருகேறிய ஆத்தங்குடி தரையில் நாற்காலியின் நிழலும் பிரதிபலிப்பும் விழுந்திருக்கும். பலர் நாற்காலியை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஆளில்லாத இடத்தில் நீலச் சாயல் மட்டும் நிற்கும். இன்னொன்று, இது கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல். ஒவ்வொன்றிலும் கோட்டின் தடிப்பு கொஞ்சம் மாறும், எங்காவது ஒரு கீறல் இருக்கும். ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அந்தக் கீறல் மூன்று இடத்தில் தெரியும். வெவ்வேறு கல்லிலிருந்து மாதிரி எடுத்தால் இது தீரும். முடித்ததும் படத்தை இடவலமாகத் திருப்பி, சிறிதாக்கிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய தவறு அப்போது பளிச்சென்று தெரியும்.

நாற்காலி தரையில் பாதியை மறைத்து, ஒரு முழுப் பூகூட வெளியே தெரியாத படமாக இருந்தால் இந்த முறை உதவாது. நகலெடுக்க மாதிரியே இல்லை. வீட்டில் படம் எடுக்கும்போது முக்காலியை அசைக்காமல், நாற்காலியை நகர்த்திவிட்டு அதே இடத்திலிருந்து இன்னொரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெறும் தரையை மேலே வைத்து லேயர் மாஸ்க் போட்டால் சில நிமிடங்களில் வேலை முடியும், தரையும் உண்மையான தரையாகவே இருக்கும்.