‘ஃபு’ என்னும் சிறு சொல்
பிரெஞ்சு நாவல்களிலே மட்டும் வாழும் ஓர் இறந்தகாலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிரான்சு தேசத்தில் உறவினரையுடைய குடும்பங்கள் பல உள. 1983 ஆம் ஆண்டின் பின்னர்ப் பெருகிய புலம்பெயர்வினால், பாரிஸ் மாநகரின் லா ஷப்பேல் பகுதி எம்மவரின் கடைத்தெருவாகவே ஆகிவிட்டது. ஆதலின் பிரெஞ்சு பயிலும் இளைஞர் இங்கு பலராயினர். அவர்களுள் ஆர்வமுடையோர், பாடநூல் முடிந்ததும் ஒரு நாவலை எடுத்து விரிக்கின்றனர். முதற் பக்கத்திலேயே திகைத்து நிற்கின்றனர். வினைச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் எஃப், யூ, ரீ என மூன்றே எழுத்துக்கள் நிற்கின்றன. (பிரெஞ்சு எழுத்துக்களை ஈண்டு ஆங்கிலப் பெயராலேயே குறிக்கின்றோம்.) சிறிய அகராதியிலே தேடினால் அச்சொல் அகப்படுவதில்லை. ஏனெனில் அது தனிச்சொல் அன்று. ‘எத்ர்’, அதாவது ‘இரு’ என்னும் வினையின் இறந்தகால வடிவம். ‘ஃபு’ என ஒலிக்கும். பொருள், ‘இருந்தான்’ அல்லது ‘ஆனான்’ என்பதே.

இவ்விறந்தகாலத்தைப் பிரெஞ்சு இலக்கணகாரர் ‘பஸே ஸாம்ப்ல்’ என்பர். ‘எளிய இறந்தகாலம்’ என்பது அதன் நேர்ப்பொருள். எளிமை கற்பவனுக்கன்று, துணைவினையின்றி ஒரே சொல்லாய் நிற்றலாலே அப்பெயர் வந்தது. பேச்சிலே வழங்குவது ‘பஸே கோம்போஸே’ என்னும் கூட்டு இறந்தகாலம். அது துணைவினையும் வினையெச்சம் போன்றதொரு வடிவமுமாக இரு சொற்களாலானது. பாடநூல்கள் இதனையே முதலிற் கற்பிக்கின்றன, அது முறையே. இன்றைய பிரான்சிலே கடையிலும் வீட்டிலும் எளிய இறந்தகாலத்தைப் பேசுவாரில்லை. ஆயினும் எழுத்திலே கதை சொல்லும்போது அது உயிருடன் விளங்குகின்றது. குழந்தைகளுக்குரிய தேவதைக் கதைகளும் அவ்வாறே எழுதப்படுதலின், பிரெஞ்சுச் சிறுவர் பள்ளிக்குப் போகுமுன்னரே அதனைக் காதாற் கேட்டறிவர். எம் மாணவர்க்கோ அந்த வாய்ப்பு இல்லை.

பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு ஒரு வடிவம் என்பது யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. ‘நேற்றுச் சந்தைக்குப் போனனான்’, ‘அவர் காலமை வந்தவர்’ என்று பேசுகின்ற நாம், எழுதும்போது ‘போனேன்’, ‘வந்தார்’ என்றே எழுதுகின்றோம். ஒப்புமை முற்றும் பொருந்தாது. ‘வந்தார்’ என்பதை எம் பேச்சிலும் கேட்கலாம். அன்றியும் ‘வந்தவர்’, ‘வந்தார்’ இரண்டிலும் வேர் கண்ணுக்குத் தெரிகின்றது. ‘எத்ர்’ என்பதிலிருந்து ‘ஃபு’ பிறந்ததை எவரும் ஊகித்தறிய முடியாது.

நல்லவேளையாக, நாவல் வாசிப்பவன் இவ்வடிவங்களைத் தானாக ஆக்கவேண்டியதில்லை. கண்டால் இனங்காணுதல் போதும். அதிலும் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்கள்’ என்னும் படர்க்கை வடிவங்களே பெரும்பாலும் வரும். ஒருமையிலே, ‘ஈ, ஆர்’ என முடியும் பெருந்தொகையான வினைகள் ‘ஏ’ எழுத்தை ஈறாகக் கொள்ளும். ஏனையவற்றிற் பெரும்பாலானவை ‘ஐ, ரீ’ என்றோ ‘யூ, ரீ’ என்றோ முடியும். ‘வா’ என்னும் வினையும் அதன் இனத்தனவும் மாத்திரம் ‘ஐ, என், ரீ’ என முடியும். பன்மைக்கு அடையாளம் இன்னும் தெளிவு: ஈற்றிலே ‘ஆர், ஈ, என், ரீ’ என்னும் நான்கெழுத்துக்கள் நிற்கும். ஆனால் இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. நுழைதல், காட்டுதல், ஓடுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைகளின் வேரிலேயே ‘ஆர்’ எழுத்து இருத்தலின், அவற்றின் நிகழ்காலப் பன்மையும் அந்நான்கெழுத்தாலேயே முடியும். அந்த ‘ஆர்’ வேருக்குரியதாயின் நிகழ்காலம். வேருக்கு அப்பால் வந்து சேர்ந்ததாயின் இறந்தகாலம் என்று பிரித்தறிதல் வேண்டும்.

ஐகாரமா யூகாரமா என்பதற்கும் ஒரு துணை உண்டு. கூட்டு இறந்தகாலத்திற் கற்ற வடிவம் ‘யூ’ என முடியுமானால், எளிய இறந்தகாலமும் பல வேளைகளில் ‘யூ’ கொள்ளும்; வாசித்தல், குடித்தல், அறிதல் என்னும் வினைகள் இத்தகையன. எடுத்தல், வைத்தல், சொல்லுதல் என்பன ‘ஐ’ கொள்ளும். காணுதல் இவ்விதிக்கு அடங்காது. கூட்டு வடிவில் ‘வு’ என்றிருந்தது இங்கு ‘வி’ என்று மாறும். இருத்தல், உடைத்தாதல், செய்தல், காணுதல், வருதல், பிறத்தல் முதலிய சில வினைகளின் வடிவங்களை நெட்டுருப் பண்ணுவதே நன்று. அவை பக்கந்தோறும் வருவன.

இனி, நாமே புனைந்த ஒரு சிறு பகுதியைப் பார்ப்போம். மழை பெய்துகொண்டிருந்தது, முதிய ஆசிரியர் விறாந்தையில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் நுழைந்தான், புத்தகத்தைக் கண்டான், எடுத்தான். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, ‘இதை நீ வாசித்திருக்கிறாயா?’ என்று கேட்டார். இருவரும் சிரித்தனர்.

இதனைப் பிரெஞ்சில் எழுதினால், மழையும் வாசிப்பும் ‘ப்லவே’, ‘லிஸே’ எனத் தொடர் இறந்தகாலத்தில் நிற்கும். அவற்றின் ஈறு ‘ஏ, ஐ, ரீ’. அவை கதையின் பின்னணி. பையன் நுழைந்ததும் காலம் மாறுகின்றது: ‘ஆன்த்ரா’, ‘வி’, ‘ப்ரி’. ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்து முடிந்த செயல்கள் இவை. கதை நகர்வது இவற்றாலேயே. இவற்றுள் ‘வி’ என்பது இடர் தருவது. வீ, ஐ, ரீ என்னும் அதே மூன்றெழுத்து ‘வாழ்கிறான்’ என்றும் பொருள்படும். அகராதியை மட்டும் நம்பிய மாணவன், ‘பையன் நுழைந்தான், புத்தகத்தை வாழ்கிறான்’ என்று எழுதிவைப்பான். முன்னே நின்ற ‘ஆன்த்ரா’ ஐயமற்ற இறந்தகாலமாதலின், அடுத்ததும் அதுவே எனக் கொள்ளல் வேண்டும். ‘சொன்னார்’ என்பதற்குரிய ‘டி’யும் நிகழ்காலத்தோடு எழுத்தில் வேறுபடாது, அங்கும் அயலிலுள்ள வினைகளே சான்று. ஆசிரியரின் கேள்வியோ பேச்சாதலின், மேற்கோளுக்குள்ளே கூட்டு இறந்தகாலம் வருகின்றது. மேற்கோள் முடிந்த கணத்தில் ‘கேட்டார்’ என்பது எளிய இறந்தகாலத்திற்குத் திரும்பிவிடும். சிரித்ததைக் கூறும் ‘ரீர்’ நாம் சொன்ன நான்கெழுத்து ஈற்றைக் கொண்டது.

‘நான்’ என்று கதை சொல்லும் நாவல்களில் ஓர் எழுத்தையும் கூர்ந்து நோக்கல் வேண்டும். ‘ஏ, ஐ’ என முடிந்தால் ‘வந்தடைந்தேன்’. பின்னே ஓர் ‘எஸ்’ சேர்ந்தால் ‘வந்தடைந்துகொண்டிருந்தேன்’. விரைந்து வாசிப்போர் இதனைத் தவறவிடுவர்.

எந்த நூலை முதலில் எடுப்பது என்று எம்மிடம் கேட்போர் உளர். அல்பேர் காம்யு 1942 இல் வெளியிட்ட நாவல், வெ. ஸ்ரீராம் அவர்களின் தமிழாக்கத்தால் ‘அந்நியன்’ என எம்மிடையே அறிமுகமானது. அது பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்திலேயே எழுதப்பட்டது. நாவலுக்கு அக்காலத்தில் இது வழக்கமன்றாதலின், மறு ஆண்டிலேயே சார்த்தர் தமது விமரிசனத்தில் அதனை எடுத்துப் பேசினார். நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று பிணையாது தனித்தனியே நிற்கும் உணர்ச்சி அதனால் உண்டாகின்றது. பேச்சுப் பிரெஞ்சு மட்டும் கற்றவன் இந்நூலை அஞ்சாது தொடங்கலாம். ஆனால் எளிய இறந்தகாலம் அதிற் பழகாது. அதற்கு 1943 இல் வந்த ‘குட்டி இளவரசன்’ ஏற்றது. ஆங்கு கதைசொல்லி தன் சிறுவயதைக் கூட்டு இறந்தகாலத்தில் எம்மோடு பேசுவான் போலச் சொல்லித் தொடங்குகின்றான். இளவரசனைச் சந்தித்தபின் ‘சொன்னான்’, ‘விடையளித்தான்’ என்னும் எளிய இறந்தகால வினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழிலே இரண்டையும் ‘-ஆன்’ என்னும் ஒரே ஈற்றால் மொழிபெயர்க்க நேர்தலின், தமிழாக்கத்தை மட்டும் வாசிப்பவர்க்கு அவ்வேறுபாடு தென்படாது. இரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்பவர்க்கே அது புலனாகும்.