மெயிலில் மறைத்தது, இணைப்பில் வெளிவரும்

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஹெச்.ஆருக்கு மெயில் எழுத உட்கார்ந்தால், எட்டு மாத உதிரப்போக்கு, இரண்டு டாக்டர்கள் சொன்னது, ஸ்கேனில் கட்டியின் அளவு, மாமியாருக்கும் உடம்பு சரியில்லாதது என்று எல்லாம் வந்து விழும். லீவு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அப்படி எழுத வைக்கிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது மட்டும் விட்டுப்போயிருக்கும்.

அந்த மெயில் ஹெச்.ஆரோடு நிற்காது. ஒப்புதலுக்காக மேனேஜருக்குப் போகும். வேலையைப் பிரித்துக்கொடுக்க அவர் டீம் லீடுக்கு அனுப்புவார். கீழே தள்ளிப் பார்த்தால் ஸ்கேன் அளவு வரை எல்லோரும் படிக்கலாம்.

‘மருத்துவ விடுப்பு: நவ. 10–21’ என்று தலைப்பிட்டு, இவ்வளவு எழுதினால் போதும்:

“எனக்கு நவம்பர் 10, திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை நடக்க இருக்கிறது. அன்று முதல் 21, வெள்ளி வரை மருத்துவ விடுப்பு வேண்டுகிறேன். 24-ஆம் தேதி வேலைக்குத் திரும்புவேன். ஓய்வு நீடிப்பதாக இருந்தால் 19-க்குள் தெரிவிக்கிறேன். என் வேலையை யார் பார்ப்பது என்று மேனேஜரிடம் பேசிவிட்டேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.”

கணக்குப்படி இது 10 வேலை நாள். ஆனால் சில கம்பெனிகளில் ‘சாண்ட்விச்’ விதி உண்டு. நடுவில் வரும் சனி, ஞாயிறையும் லீவாகச் சேர்த்து 12 ஆக்கிவிடுவார்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் (1947) நோய்க்கெனத் தரும் சம்பள விடுப்பே ஆண்டுக்கு 12 நாள்தான். ஜூனில் காய்ச்சலுக்கு மூன்று நாள் எடுத்திருந்தால், அந்த மூன்று நாள் சம்பளம் பிடிபடலாம். ‘சிக் லீவு போதாவிட்டால் ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளவும்’ என்ற ஒரு வரியையும் சேர்ப்பது நல்லது.

பலர் கோட்டைவிடுவது இணைப்பில். மெயிலில் நோயின் பெயரைச் சொல்லாமல் காத்துவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே அனுப்பிவிடுவார்கள். நோய், பரிசோதனை முடிவு, மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். இன்ன தேதி வரை ஓய்வு தேவை என்று மட்டும் சொல்லும் சான்றை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். விடுப்புக்குப் பெரும்பாலும் அதுவே போதும். இன்ஷூரன்ஸ் கிளெய்முக்குச் சம்மரி வேண்டும்தான், ஆனால் அது வேறு வழியாகப் போகிற காகிதம்.

தங்கை கல்யாணத்துக்கு இத்தனை யோசனை வேண்டாம். முகூர்த்தத் தேதி, ஊர், எத்தனை நாள் என்று சொல்லி, பத்திரிகை அச்சாகும் முன்பே அனுப்பினால் சரி. கடைசி வாரத்தில் கேட்கும்போதுதான் காரணம் நீள்கிறது.

காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டிய இடமும் உண்டு. கருச்சிதைவுக்குச் சட்டம் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. உரிய சான்றைக் காட்டினால்தான் அது கிடைக்கும். சாதாரண சிக் லீவாக எழுதினால் இருக்கிற நாட்கள்தான் கரையும். அந்த மெயிலை ஹெச்.ஆருக்கு மட்டும் தனியாக அனுப்பிவிட்டு, மேனேஜருக்குத் தேதிகளை மட்டும் எழுதலாம்.