ரத்த அட்டையில் கவனிக்க வேண்டிய கட்டம்

தலசீமியா உள்ள குழந்தையின் ரத்தம் ஏற்றும் அட்டையில் அம்மா, அப்பாவின் கண் முதலில் போவது அடுத்த தேதிக்குத்தான். அதைவிட முக்கியம், ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த ஹீமோகுளோபின் அளவு. தலசீமியா மேஜர் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அது 9.5-க்குக் கீழே இறங்காதபடிதான் தேதி குறிக்கிறார்கள்.

20 கிலோ எடையுள்ள ஒரு சிறுமியின் அட்டை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஜனவரி 6, 9.7, ஜனவரி 27, 9.6, பிப்ரவரி 17, 8.2. மூன்று தடவையும் 300 மில்லி சிவப்பணுக்கள்தான் ஏற்றினார்கள். அதே மூன்று வார இடைவெளி, ஆனால் கடைசி அளவு சரிந்திருக்கிறது. காய்ச்சலோ ரத்தக் கசிவோ இருந்ததா என்று முதலில் கேட்பார்கள். பிறகு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, ஏற்றிய ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேதியை மட்டும் எழுதிவைத்த அட்டையில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

ஆன்டிபாடி இருந்தால் அதன் பெயரை அட்டையின் முகப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஊர் மருத்துவமனையில் அவசரமாக ரத்தம் ஏற்ற நேர்ந்தால், அங்குள்ள ரத்த வங்கிக்கு அதுதான் வழிகாட்டும்.

ரத்தம் ஏறும்போது குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ, அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அட்டையோடு கிளம்பிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் இது வரலாம்.