வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால்...

1998 டிசம்பர் 31 அன்று பதினொரு ஐரோப்பிய நாடுகளின் நாணயங்களுக்கு யூரோவுடன் இனி மாறவே மாறாத ஒரு விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு யூரோவுக்கு 1936.27 இத்தாலிய லிரா, 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க். புதிய நோட்டுகளும் காசுகளும் மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரி 1 அன்றுதான். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் ஒரே தொகை ஓரிடத்தில் லிராவாகவும் இன்னோரிடத்தில் யூரோவாகவும் எழுதப்பட்டு, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாறிக்கொண்டே இருந்தது.

இந்தச் சிக்கலை எதிர்பார்த்து, ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே ஒரு சட்டவிதியை இயற்றியிருந்தது. அதன் எண் 1103/97. பள்ளிக்கூடக் கணக்குப் பாடம் போலத் தோன்றும் சில கட்டளைகள் அதில் உண்டு. ஒரு யூரோவுக்கு இத்தனை என்றுதான் விகிதம் சொல்ல வேண்டும்; அது ஆறு இலக்கம் கொண்டிருக்கும். அந்த ஆறில் ஒன்றைக்கூட வெட்டவோ சுருக்கவோ கூடாது. யூரோவிலிருந்து போனாலும் யூரோவுக்கு வந்தாலும் அதே எண்தான்: போகும்போது பெருக்கு, வரும்போது வகு. ஒன்றை அந்த விகிதத்தால் வகுத்து, ‘ஒரு லிராவுக்கு இத்தனை யூரோ’ என்று தலைகீழ் விகிதம் உருவாக்கிப் பயன்படுத்தக் கூடாது.

கடைசிக் கட்டளை பலருக்கு விநோதமாகப் பட்டிருக்கும். 1936.27-ஆல் வகுப்பதும், அதன் தலைகீழ் எண்ணால் பெருக்குவதும் ஒன்றுதானே? காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் அந்தத் தலைகீழ் எண் முடிவில்லாமல் நீளும் தசமம். எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய இடத்தில்தான் பணம் போகிறது.

நூறு கோடி லிராவுக்கு ஒரு சொத்து விலை பேசப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விதிப்படி 1936.27-ஆல் வகுத்தால் 5,16,456.90 யூரோ வரும். கணக்கர் ஒருவர், ‘ஒரு லிரா என்பது 0.000516 யூரோ’ என்று குறித்து வைத்துக்கொண்டு பெருக்குகிறார். ஆறு தசம இடம் இருக்கிறதே என்ற தைரியம். அவருக்குக் கிடைப்பது 5,16,000 யூரோ, 456.90 யூரோ குறைகிறது. முன்னால் நிற்கும் பூச்சியங்களைத் தள்ளிவிட்டு எண்ணினால், அந்த எண்ணில் இருப்பது வெறும் மூன்று இலக்கம்தான். 0.000516457 என்று ஆறு இலக்கமாக எழுதினாலும் 5,16,457.00 என்று வரும். இப்போதும் பத்து சென்ட் பிசகு. விடையில் எட்டு இலக்கம் தேவைப்படும்போது, ஆறு இலக்க எண்ணால் பெருக்கினால் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது.

இனி திரும்பும் பாதை. கணக்கரின் 5,16,000 யூரோவை இன்னொருவர் சரியான விகிதத்தால் பெருக்கி லிராவாக்குகிறார். 99,91,15,320 லிரா கிடைக்கிறது. போய்விட்டு வந்ததில் 8,84,680 லிரா மாயம். யாரும் திருடவில்லை, போகும்போது ஒரு விகிதம், வரும்போது வேறொரு விகிதம் பயன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

விதிப்படியே கணக்கிட்டால் முழுத் தொகையும் அப்படியே திரும்பிவிடுமா? அதுவும் இல்லை. 5,16,456.90 யூரோவை 1936.27-ஆல் பெருக்கி முழு லிராவாக்கினால் 100,00,00,002 என்று வருகிறது. இரண்டு லிரா கூடுதல்! ஒரு சென்டுக்குள் பத்தொன்பது லிராவுக்கு மேல் அடங்கும் என்பதே காரணம். லிரா பொடிப் பொடியான அலகு, சென்ட் பெரிய அலகு. பெரிய அலகுக்குள் போகும்போது கீழே இருக்கும் நுணுக்கம் அழிகிறது. திரும்பி வரும்போது அதை மீட்க வழியில்லை. மாறாக, யூரோவில் தொடங்கி லிராவுக்குப் போய்த் திரும்பினால் ஒரு சென்ட்கூடத் தவறாது. அயர்லாந்தில் இது நேர் எதிர். அங்கே ஒரு யூரோவுக்கு 0.787564 பவுண்டு. அந்த நாட்டுப் பென்னியைவிட சென்ட் சிறியது என்பதால், பவுண்டில் தொடங்கினால்தான் தொகை பத்திரமாகத் திரும்பும்.

ஆக, பிழை இரண்டு வகை. விடையைக் கடைசியாக ஒருமுறை முழுமையாக்குவதால் வருவது முதல் வகை. தொகை நூறு கோடியானாலும் ஆயிரம் கோடியானாலும் அது அரை சென்டைத் தாண்டாது. லிராவில் சொன்னால் பத்துக்குள். விகிதத்தையே சுருக்குவதால் வருவது இரண்டாம் வகை. அது தொகையோடு சேர்ந்து வளரும். உங்கள் கணக்கில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: தொகையை இரட்டிப்பாக்கி மறுபடி கணக்கிடுங்கள். மேலே சொன்ன கணக்கரின் எண்ணைக் கொண்டு இருநூறு கோடி லிராவை மாற்றினால், வித்தியாசம் 913.80 யூரோ ஆகிறது. வித்தியாசமும் இரட்டித்தால் குற்றவாளி விகிதம்தான்.

மூன்றாவதாக ஒரு குழி இருக்கிறது. துண்டு துண்டாக மாற்றிவிட்டுக் கூட்டுவது. ஆயிரம் லிராவை யூரோவாக்கினால் 0.52. விதிப்படி சரியான விடை. ஆனால் தலா ஆயிரம் லிரா கொண்ட பத்து லட்சம் ரசீதுகளைத் தனித்தனியாக மாற்றிக் கூட்டினால் 5,20,000 யூரோ வரும். மொத்தத்தை ஒரே தடவையில் மாற்றினால் வருவதைவிட 3,543.10 யூரோ அதிகம். ஒவ்வொரு ரசீதும் சரி, கூட்டல் தவறு. முதலில் கூட்டு, பிறகு மாற்று என்பதே வழி. தனித்தனியாக மாற்றியே தீர வேண்டிய இடங்களில், அந்த வித்தியாசத்தை மறைக்காமல் கணக்கில் தனித் தலைப்பில் எழுத வேண்டும்.

எக்செல் தாளில் இந்தப் பிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும். ஒரு கட்டத்தில் 0.0005 என்று திரை காட்டும். உள்ளே முழு எண்ணும் இருக்கும். திரையில் தெரிவதை யாராவது இன்னொரு தாளில் தட்டச்சு செய்துவிட்டால் முடிந்தது கதை. அதனால் தலைகீழ் விகிதத்துக்கென்று கட்டமே வைக்காதீர்கள். B1-இல் லிராத் தொகை, B2-இல் யூரோத் தொகை இருந்தால் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
=ROUND(B1/1936.27, 2)
=ROUND(B2*1936.27, 0)
```

முதல் வரி லிராவை யூரோவாக்கும். இரண்டாவது யூரோவை லிராவாக்கும். இரண்டிலும் விகிதம் ஒன்றே. முழுமையாக்குவது கடைசியில், ஒரே முறை.

இந்த விதி பழங்கதை அல்ல. 2023-இல் குரோவேஷியா ஒரு யூரோவுக்கு 7.53450 குனா என்ற விகிதத்தில் யூரோவுக்கு மாறியது. கடைசிப் பூச்சியமும் எழுதப்பட்டிருப்பதற்கு ஆறு இலக்க விதியே காரணம். இந்தியாவிலும் ஜப்பானிய யென்னின் குறிப்பு விகிதம் நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்றே வெளியாகிறது. ஒரு யென்னுக்குச் சொன்னால் விழுந்துவிடக்கூடிய இரண்டு இலக்கங்கள் அதனால் தப்பிக்கின்றன.

ரூபாயும் டாலரும் போல நாள்தோறும் விகிதம் மாறும் நாணயங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. போய்த் திரும்பும்போது வரும் குறைவில் பெரும்பகுதி அந்த இடைவெளிதான். அது கணக்குப் பிழை அல்ல, வங்கியின் வருமானம். பிழையைத் தேடுபவர் முதலில் அதைக் கழித்துவிட்டுத் தேட வேண்டும்.

பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் மூன்று விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாணயத்தில் உள்ள தொகை மூலத் தொகை, வெளியிடப்பட்ட விகிதம் முழு இலக்கங்களோடு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் முழுமையாக்க வேண்டும். மூலத் தொகை எழுதப்பட்டிருந்தால், அதைத் திருப்பிக் கணக்கிட்டுப் பெற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.